மினிட்ஸ் வரைவைக் குழுவுக்கு அனுப்பும் முன் தலைவர் பார்க்க வேண்டியவை: குடியிருப்போர் சங்கத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவராக இருக்கிறேன். நான் பொறுப்புக்கு வந்த நேரத்தில் சங்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சண்டைகள் பலவற்றுக்கு வேர் மினிட்ஸ் புத்தகத்தில்தான் இருந்தது. "நான் சொன்னதை எழுதவே இல்லை", "நான் சொல்லாததை எழுதியிருக்கிறார்கள்", "என்னை மட்டும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மனத்தாங்கல். ஒவ்வொன்றையும் அவிழ்க்கப் பழைய அஜெண்டா, பழைய கொட்டேஷன், பழைய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. வரைவு குழுவுக்குப் போகும் முன்னால் தலைவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்திருந்தால் இதில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

புதிதாகத் தலைவர் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவான குடியிருப்போர் சங்கத்தை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம், மனமகிழ் மன்றம் எதுவானாலும் படிப்படியான வேலை பெரும்பாலும் இதுதான்.

அவசரத்தில் இருப்பவர்கள் முதலில் இந்த ஏழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி மினிட்ஸ் ஃபைலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை இவற்றின் விளக்கம்.

- ஒவ்வொரு தீர்மானமும் அஜெண்டாவில் இருந்த விஷயமா? தொகை, பொறுப்பாளர், கெடு மூன்றும் இருக்கின்றனவா?
- "ஏகமனதாக" என்று எழுதிய இடத்தில் உண்மையிலேயே எல்லாரும் சம்மதித்தார்களா?
- எதிர்த்தவர் என்ன காரணம் சொன்னார் என்று இருக்கிறதா?
- பேசியவரைப் பற்றிய அபிப்பிராயம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?
- எல்லாரையும் ஒரே மரியாதையில் குறிப்பிட்டிருக்கிறார்களா?
- கூட்டத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி, அவர் பதில் சொல்ல முடியாதபடி ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா?
- நானே சம்பந்தப்பட்ட பகுதியை வேறு யாராவது பார்த்தார்களா?

1. படிக்க உட்காரும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

வரைவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். நல்ல செயலாளர் எழுதிய வரைவு தடையில்லாமல் ஓடும். விடுபட்டது எது என்பதை அந்த ஓட்டமே மறைத்துவிடும். அதனால் பக்கத்தில் சில தாள்கள் வேண்டும்: உறுப்பினர்களுக்கு அனுப்பிய அஜெண்டா, கையெழுத்துள்ள வருகைப் பதிவேடு, கூட்டத்தில் வைக்கப்பட்ட கொட்டேஷனும் கணக்குத் தாளும், சங்கத்தின் துணைவிதிகள். இவற்றோடு, கூட்டத்தின்போது நீங்களே எடுத்த குறிப்பு.

கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம். நீளமாக எழுத வேண்டாம். ஒவ்வொரு அஜெண்டா எண்ணுக்கும் எதிரே யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, எதிர்த்தவர் சொன்ன காரணம் இரண்டு சொல்லில், முடிவு என்ன என்று அஜெண்டாத் தாளின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் நான்கு நாள் கழித்து வரைவைப் பார்த்தால், நமக்குப் பிடித்தவர் பேசியதுதான் நினைவுக்கு வரும். இது யாருக்கும் உள்ளதுதான்.

சில சங்கங்களில் கூட்டத்தை ஃபோனில் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்வதானால் கூட்டம் தொடங்கும்போதே எல்லாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மினிட்ஸ் உறுதியானதும் பதிவை அழித்துவிடுவதாகக் குழுவிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் "ஆடியோவைப் போடுங்கள்" என்ற பேச்சு எழும்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. பக்க எண் அச்சிட்ட கெட்டி அட்டை மினிட்ஸ் புத்தகம், ஜெராக்ஸ், பிரின்ட் அவுட். பெரிய செலவு பின்னால் வருவதுதான். தகராறு முற்றி ஒரு வக்கீலிடம் போனால், ஒரு நோட்டீசுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பல வருடத்துக்கான மினிட்ஸ் புத்தகம் வாங்கிவிடலாம்.

2. முதல் வாசிப்பு: தீர்மானங்களை மட்டும் பாருங்கள்

விவாதப் பகுதியை முதலில் படிக்காதீர்கள். தீர்மானங்களுக்கு மட்டும் பென்சிலில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் அஜெண்டாவோடு ஒப்பிடுங்கள். அஜெண்டாவில் இல்லாத ஒன்று "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் நுழைந்து தீர்மானமாகியிருந்தால் நின்று யோசியுங்கள். அன்று வராதவர்களுக்கு அந்த விஷயம் பேசப்படப்போவதே தெரியாது. சின்ன விஷயமானால் பரவாயில்லை. பணம் செலவாகிற விஷயமோ ஒரு வீட்டாரைப் பாதிக்கிற விஷயமோ என்றால், அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் அதை வைத்து உறுதிப்படுத்துவதே நியாயம். அதற்காக வரைவில் அந்தத் தீர்மானத்தை அழிக்கக் கூடாது. நடந்தது நடந்ததுதான். அஜெண்டாவில் இல்லாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து வருகைப் பதிவேடு. துணைவிதியில் சொன்ன கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருந்ததா என்று எல்லாரும் பார்ப்பார்கள். இடையில் எழுந்து போனவர்களை யாரும் பார்ப்பதில்லை. எட்டு மணிக்குக் கிளம்பிப் போனவர் எட்டரைக்கு எடுத்த முடிவுக்கு ஆதரவளித்ததாக மினிட்ஸில் நின்றுவிடும். நடுவில் வந்தவர், போனவர் பெயருக்குப் பக்கத்தில் நேரத்தையோ, எந்த அஜெண்டா எண்வரை இருந்தார் என்பதையோ எழுதச் சொல்லுங்கள்.

இனி "ஏகமனதாக". நம் ஊர் மினிட்ஸ்களில் இந்தச் சொல் பழக்கத்தில் தானாக வந்து விழுகிறது. யாரும் உரக்க எதிர்க்காவிட்டால் ஏகமனது; ஒருவர் எதிர்த்துவிட்டு அமைதியாகிவிட்டாலும் ஏகமனது. அவர் அமைதியானது சம்மதித்ததனாலா, சலித்துப்போனதனாலா என்று எழுதியவருக்குத் தெரியாது. உங்கள் ஓரக்குறிப்பில் ஒரு எதிர்ப்பாவது இருந்தால் அந்தச் சொல்லை அடித்துவிட்டு எண்ணிக்கையைப் போடச் சொல்லுங்கள்: ஆதரவு இத்தனை, எதிர்ப்பு இத்தனை, வாக்களிக்காதவர் இத்தனை. கைதூக்கச் சொல்லி எண்ணாத கூட்டமானால் "பெரும்பான்மையோர் ஆதரவுடன், இன்னார் எதிர்ப்புத் தெரிவித்தார்" என்பது போதும். எண்ணாததை எண்ணியதாக எழுதக் கூடாது.

3. இரண்டாம் வாசிப்பு: எதிர்த்தவரின் கண்ணால் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. விவாதத்தில் தோற்றுப்போனவர் யார் என்று பார்த்து, அவராகவே உட்கார்ந்து அந்தப் பத்தியைப் படியுங்கள். "நான் தோற்றேன், ஆனால் நான் சொன்னது இதுதான்" என்று அவர் தலையசைப்பாரா? அந்த ஒரு கேள்விக்கு ஆம் என்றால் வரைவு தேறிவிட்டது.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம். நடந்த ஒன்றுதான், தொகைகளையும் ஃபிளாட் எண்ணையும் மாற்றித் தருகிறேன். கட்டடத்துக்கு வெளிப்புறப் பெயின்டிங். மூன்று கொட்டேஷன்: ரூ. 6,80,000, ரூ. 7,15,000, ரூ. 7,90,000. குழுவில் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். இரண்டாவது கொட்டேஷனை எடுக்கலாம் என்று பேச்சு. 3சி ஃபிளாட் உறுப்பினர் மறுக்கிறார். மூன்றாவது கொட்டேஷனில் விரிசல் அடைப்பதும் சேர்ந்திருக்கிறது, மற்ற இரண்டிலும் இல்லை, ஒரே வேலைக்கான விலையை ஒப்பிடாமல் முடிவெடுக்கக் கூடாது என்கிறார். பிறகு, இரண்டாவது கான்ட்ராக்டர் பொருளாளருக்குத் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டேன், உண்மையா என்று கேட்கிறார். பொருளாளர், அவர் தன் அலுவலகக் கட்டடத்துக்கு முன்பு வேலை செய்தவர், வேறு உறவோ பணத் தொடர்போ இல்லை என்று சொல்லிவிட்டு, இந்த முடிவில் வாக்களிக்கவில்லை என்கிறார். நான்கு பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு.

வரைவில் வந்தது இது:

> பெயின்டிங் குறித்து நீண்ட விவாதம் நடைபெற்றது. 3சி உறுப்பினர் வழக்கம்போல் எதிர்ப்புத் தெரிவித்ததோடு பொருளாளர் மீதும் குற்றம் சாட்டினார். பொருளாளர் தெளிவான விளக்கம் அளித்தார். முடிவில் ரூ. 7,15,000 கொட்டேஷனை ஏற்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

எழுதிய செயலாளருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரவு பதினோரு மணிக்கு, களைத்துப்போய், மனத்தில் நின்றதை எழுதியிருக்கிறார். ஆனால் இதில் எதிர்த்தவரின் காரணம் ஒரு சொல்கூட இல்லை. அவருடைய குணம் மட்டும் இருக்கிறது. விரிசல் அடைப்பது விலையில் சேருமா என்பதுதான் அன்றைக்கு எழுந்த உண்மையான கேள்வி. ஆறு மாதம் கழித்து கான்ட்ராக்டர் விரிசலுக்குத் தனியாகப் பணம் கேட்டால், இதைக் குழுவில் ஒருவர் முன்கூட்டியே சொன்னார் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

பொருளாளருக்கும் இந்த வரைவு அநியாயம் செய்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. "தெளிவான விளக்கம் அளித்தார்" என்பது அவரைப் பாராட்டுவதுபோல் இருந்தாலும், என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டது. அவர் வாக்களிக்காமல் ஒதுங்கியதும் இல்லை. நாளை யாராவது சந்தேகப்பட்டால் அவருக்குத் துணை நிற்கக்கூடிய வரி அதுதான். அதோடு, கேள்வியைக் "குற்றம் சாட்டினார்" என்று எழுதியதால், அவர் மீது ஏதோ குற்றச்சாட்டு இருப்பதாகச் சங்கத்தின் ஆவணமே சொல்லிவிடுகிறது.

திருத்திய பிறகு:

> வெளிப்புறப் பெயின்டிங்கிற்கு வந்த மூன்று கொட்டேஷன்கள் (ரூ. 6,80,000, ரூ. 7,15,000, ரூ. 7,90,000) பரிசீலிக்கப்பட்டன. விரிசல் அடைக்கும் வேலை மூன்றாவது கொட்டேஷனில் மட்டுமே அடங்கியிருப்பதால் மூன்றையும் ஒரே அளவில் ஒப்பிட முடியாது என்று 3சி உறுப்பினர் கூறினார். இரண்டாவது ஒப்பந்ததாரர் பொருளாளருக்கு அறிமுகமானவரா என்றும் கேட்டார். அவர் தமது அலுவலகக் கட்டடத்தில் முன்பு வேலை செய்தவர் என்றும், வேறு உறவோ பணத் தொடர்போ இல்லை என்றும் பொருளாளர் தெரிவித்தார். இம்முடிவில் அவர் வாக்களிக்கவில்லை. ரூ. 7,15,000 கொட்டேஷனை ஏற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு 4, எதிர்ப்பு 1 (3சி), வாக்களிக்காதவர் 1 (பொருளாளர்).

முடிவு அதேதான், ஒரு ரூபாய்கூட மாறவில்லை. நீளம் கூடியிருக்கிறது, உண்மை. எல்லாப் பத்தியையும் இப்படி நீட்ட வேண்டியதில்லை. பணமும் கருத்து வேறுபாடும் சேர்ந்து வருகிற இடத்தில் மட்டும் நீட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதிக்கு ஒரு வரி போதும்.

இது தேவையில்லாத நுணுக்கம் என்று யாராவது சொன்னால், கம்பெனிகள் சட்டம், 2013-இன் 118-ஆம் பிரிவைக் காட்டுங்கள். மினிட்ஸ் என்பது நடந்தவற்றின் நியாயமான, சரியான சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இயக்குநர் குழுக் கூட்டமானால், தீர்மானத்தை எதிர்த்தவரின் பெயரையும் பதிய வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நம் சங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ள அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

4. சொற்களும் மரியாதையும்

பேனாவை எடுத்து, பேசினார் என்ற பொருளில் வரும் வினைச்சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். கூறினார், கேட்டார், தெரிவித்தார் என்பவை யாருக்கும் சாயாதவை. "ஒப்புக்கொண்டார்" என்றால் ஏதோ தவறு இருந்ததாக ஆகிவிடும். "சமாளித்தார்", "மழுப்பினார்", "கூச்சலிட்டார்", "பிடிவாதமாகக் கூறினார்" எல்லாம் எழுதியவரின் தீர்ப்புகள். ஒருவர் உண்மையிலேயே கத்தி, அதனால் கூட்டம் நின்றுபோனால் "இந்த நேரத்தில் கூட்டம் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதலாம். அது நடந்த நிகழ்ச்சி.

"விளக்கினார்" என்ற சொல்லையும் கவனியுங்கள். பொறுப்பாளர்கள் எப்போதும் விளக்குகிறார்கள், உறுப்பினர்கள் எப்போதும் புகார் சொல்கிறார்கள் என்று ஒரு வரைவு முழுக்க ஓடினால், ஒவ்வொரு வரியும் தனியாகச் சரியாக இருந்தாலும் மொத்தத்தில் சாய்ந்துவிட்டது.

மரியாதை விகுதி இன்னொரு பொறி. சிலருக்குத் "திரு. … அவர்கள்", சிலருக்கு வெறும் பெயர், வாடகைக்கு இருப்பவருக்கு "டெனன்ட் ஒருவர்", காவலாளிக்கு "செக்யூரிட்டி சொன்னான்" என்று வரும். உரிமையாளராகவே இருக்கும் பெண்ணை "2ஏ திரு. இன்னாரின் மனைவி" என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு வந்து பேசியவர் அவர், வீடும் அவர் பெயரில். பிறகு ஏன் கணவர் பெயரில் பதிய வேண்டும்? எல்லாரையும் ஃபிளாட் எண்ணாலோ பதவியாலோ மட்டும் குறிப்பிடுவது என்று ஒரே வழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் அடியோடு போய்விடும். வேலை செய்பவர்களுக்கும் "காவலர் தெரிவித்தார்" என்றே வரட்டும்.

மொழியையும் ஒரு முறை பாருங்கள். பல குடியிருப்புகளில் கூட்டம் தமிழில் நடக்கும், மினிட்ஸ் ஆங்கிலத்தில் வரும். தமிழில் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று தணிவாகச் சொன்னது ஆங்கிலத்துக்குப் போகும்போது கடும் ஆட்சேபணையாக மாறிவிடும். அல்லது காணாமலே போய்விடும். ஆங்கிலம் படிக்காத உறுப்பினர் ஒருவர் இருந்தால்கூட, அவர் பேசியதாக எழுதியதை அவரிடம் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். முடிந்தால் தீர்மானங்களையாவது இரண்டு மொழியிலும் போடுங்கள்.

5. பாக்கி, புகார், கூட்டத்தில் இல்லாதவர்

மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை மினிட்ஸுக்குள் பெயரோடு சேர்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. குழுவுக்குப் போகும் வரைவு அன்று மாலையே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டுதான் எதையும் எழுத வேண்டும். மினிட்ஸில் "5 ஃபிளாட்களின் பாக்கி மொத்தம் ரூ. 84,500, விவரம் பொருளாளரின் கணக்கில் உள்ளது, எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது" என்றால் வேலை முடிந்தது. யார் யார் என்பது கணக்கிலும் நோட்டீசிலும் இருக்கட்டும்.

ஒருவரைப் பற்றிய புகார் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். "4பி வீட்டார் தண்ணீர் மோட்டாரைத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்கள்" என்று யாராவது கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதற்காக அதை அப்படியே பதிவது நியாயமாகிவிடாது. 4பி வீட்டார் அங்கே இல்லை, பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை. "குறித்த நேரத்துக்கு வெளியே மோட்டார் இயக்கப்படுவதாக ஒரு புகார் எழுப்பப்பட்டது, சம்பந்தப்பட்ட வீட்டாரின் விளக்கத்தைக் கேட்டபின் அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

இதில் சட்டப் பக்கமும் உண்டு. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. "உண்மையைத்தானே எழுதினோம்" என்பது மட்டும் அங்கே போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிடுவது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவிலும் ஒருவரை அவதூறு செய்யக்கூடியதையும், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாததையும் மினிட்ஸிலிருந்து விலக்கும் அதிகாரம் தலைவருக்குத் தரப்பட்டிருக்கிறது. இதைக் காரணம் காட்டி எதிர்ப்புகளை விலக்கிவிடாதீர்கள். ஆளைப் பற்றிய பேச்சை நீக்கலாம். முடிவைப் பற்றிய ஆட்சேபணையை நீக்கக் கூடாது.

6. நீங்களே சம்பந்தப்பட்ட பகுதி

உங்கள் மீதே கேள்வி வந்த பத்தியையும், உங்கள் வீட்டுக்குச் சம்பந்தமான பத்தியையும் நீங்கள் திருத்தாதீர்கள். துணைத் தலைவரிடமோ, அன்று கூட்டத்தில் இருந்த, அந்த விஷயத்தில் பக்கம் சேராத ஒருவரிடமோ அந்தப் பத்தியை மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். யார் பார்த்தார்கள் என்பதை வரைவோடு போகும் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கூட்டத்தில் நீங்கள் பேசியது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றும் பாருங்கள். செயலாளர்கள் தலைவர் பேச்சை விரிவாகவும் மற்றவர் பேச்சைச் சுருக்கமாகவும் எழுதுவது வழக்கம். அது மரியாதைக்காகச் செய்வது, கேட்டுக்கொண்டால் குறைத்துவிடுவார்கள். தலைவரின் முன்னுரை, நன்றியுரை எல்லாம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

கூட்டம் முடிந்த பிறகு உங்களுக்குத் தோன்றிய நல்ல யோசனையை வரைவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எடுத்த முடிவு தப்பு என்று இப்போது புரிந்தாலும் மினிட்ஸில் கை வைக்கக் கூடாது. அதை மாற்ற அடுத்த கூட்டமும் புதிய தீர்மானமும்தான் வழி.

7. திருத்தத்தைச் செயலாளரிடம் சொல்லும் விதம்

மினிட்ஸை எழுதும் பொறுப்பு செயலாளருடையது. தலைவர் நேரடியாக ஃபைலைத் திறந்து மாற்றிவிட்டால், பிறகு எந்தச் சர்ச்சை வந்தாலும் "தலைவர் மாற்றிவிட்டார்" என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் எதை, ஏன் மாற்றச் சொல்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வேர்டில் Track Changes போட்டு அனுப்பினால் போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் காரணம்: "என் குறிப்பில் எதிர்ப்பு 1 என்று உள்ளது", "கொட்டேஷன் தொகை தாளோடு ஒத்துப்போகவில்லை", "இது அபிப்பிராயம், நீக்கலாம்". காரணம் எழுத முடியாத திருத்தம் என்றால் அது உங்கள் ரசனையாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

செயலாளருக்கு உடன்பாடு இல்லாமல் அவர் நினைவும் உங்கள் நினைவும் முரண்பட்டால், பேசியவரிடமே கேளுங்கள்: "நீங்கள் சொன்னதன் சாரம் இதுதானா?" அந்த இரண்டு வரியை மட்டும் அனுப்புங்கள். முழு வரைவையும் அவருக்கு மட்டும் முன்கூட்டி அனுப்பினால், மற்றவர்களுக்குக் கிடைக்காத சலுகை அவருக்குக் கிடைத்ததாகிவிடும். அவர் பதிலில் புதிய வாதங்களைச் சேர்த்து அனுப்பினால் அன்றைக்குச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைவையும் உங்கள் திருத்தக் குறிப்பையும் மினிட்ஸ் உறுதியாகும்வரை தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.

8. எந்த நாளில் எது

உங்கள் துணைவிதியில் கெடு இருந்தால் அதுதான் விதி. இல்லாவிட்டால் இந்தியக் கம்பெனிச் செயலாளர்கள் நிறுவனத்தின் செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்ட் 1 கம்பெனிகளுக்குச் சொல்லும் கணக்கைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவு எல்லாருக்கும் போக வேண்டும்; அவர்கள் 7 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்; 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும்.

இதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், செயலாளர் 5 நாளுக்குள் உங்களிடம் தர வேண்டும், நீங்கள் 2 நாளுக்குள் திருப்ப வேண்டும், செயலாளர் திருத்தி அனுப்ப இன்னும் இரண்டு மூன்று நாள். வரைவு உங்களிடம் தங்குவதுதான் ஆபத்து. தலைவர் மேசையில் மூன்று வாரம் கிடந்த வரைவு எவ்வளவு நியாயமாக இருந்தாலும், உறுப்பினர்கள் அதைச் சந்தேகக் கண்ணோடுதான் படிப்பார்கள்.

அனுப்பும்போது ஒவ்வொரு பக்கத்திலும் "வரைவு, உறுதி செய்யப்படாதது" என்று இருக்கட்டும். ஒரே நேரத்தில், எல்லாருக்கும், ஒரே பி.டி.எஃப். கூட்டத்துக்கு வராத குழு உறுப்பினர்களுக்கும் அதே நேரத்தில். கருத்துகளைச் செயலாளருக்கு மட்டும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். குரூப்பில் விவாதம் தொடங்கினால் கூட்டமே மறுபடி நடக்கும். கருத்துச் சொல்லக் கடைசித் தேதியை நாளோடு எழுதுங்கள்: "14-ஆம் தேதி, ஞாயிறு, மாலை 6 மணி".

வந்த கருத்துகளில் ஏற்றவை, ஏற்காதவை இரண்டையும் ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். மினிட்ஸை உறுதி செய்வது அந்தக் கூட்டத்தின் முதல் வேலை. அங்கே ஒரு திருத்தம் ஏற்கப்பட்டால், பழைய வரியின் மேல் படிக்க முடிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, தலைவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். திருத்தியதை அன்றைய மினிட்ஸிலும் பதிய வேண்டும். ஒயிட்னர் வேண்டாம், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், மேலே வேறு தாள் ஒட்டவும் வேண்டாம். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி சங்கத்தின் விவகாரங்களை விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அப்படி ஒரு விசாரணை வந்தால் பக்க எண் விடுபட்ட மினிட்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. எல்லாப் பக்கத்திலும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டபின் புத்தகத்தைச் செயலாளரிடம் கொடுத்து, அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.